ஸ்ட்ரீமிங்குக்குப் பாட்டை எவ்வளவு சத்தமாக்குவது?

மிக்ஸ் முடிந்த பாட்டை, உச்சங்களை ஒரு வரம்புக்கு மேல் விடாத லிமிட்டரில் போட்டு எவ்வளவு தூக்குவது என்பதுதான் வெளியீட்டுக்கு முன் வரும் கடைசிக் கேள்வி. சிடி காலத்தில் பக்கத்துப் பாட்டைவிடச் சத்தமாக இருப்பது ஒரு லாபமாகத் தெரிந்தது. ஸ்ட்ரீமிங்கில் அந்தக் கணக்கு பெரும்பாலும் செல்லாது. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் எல்லாப் பாட்டையும், காது உணரும் சத்தத்தை அளக்கும் லஃப்ஸ் கணக்கில் -14 அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கவிடுகிறது. யூடியூபும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் அது சத்தமான பாட்டைக் குறைக்குமே தவிர மெல்லிய பாட்டை உயர்த்தாது. ஆப்பிள் மியூசிக்கில் சத்தத்தைச் சமப்படுத்தும் சவுண்ட் செக் இயங்கினால் அளவு -16 பக்கம் இருக்கும்.

அதாவது லிமிட்டரால் ஏற்றிய சத்தத்தை ஸ்ட்ரீமிங் செயலி திரும்ப எடுத்துக்கொள்கிறது. அந்தச் சத்தத்துக்காக லிமிட்டர் வெட்டிய டிரம் அடிகளை மட்டும் யாரும் திருப்பித் தர முடியாது. அதனால் மாஸ்டர் ஃபைலில் எவ்வளவு சத்தம் என்று பார்ப்பதோடு, செயலி சமப்படுத்திய பிறகு கேட்பவர் காதில் எது மிஞ்சுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரே பாட்டை மூன்று விதமாக மாஸ்டர் செய்து, எண்களோடு இதைப் பார்க்கலாம்.

அதற்கு முன் மீட்டர் எதை அளக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இன்றைய லவுட்னெஸ் மீட்டர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை, சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் முதலில் வெளியிட்டுப் பிறகு திருத்திய பிஎஸ் 1770 என்ற பரிந்துரை. அது ஒலியை முதலில் ஒரு ஃபில்டரில் விடுகிறது. காது அதிகம் கவனிக்கும் மேல் அலைவரிசைகளைக் கொஞ்சம் தூக்கி, அடிமட்ட பேஸைக் குறைக்கிறது. பிறகு 400 மில்லிசெகண்ட் துண்டுகளாக ஆற்றலைக் கணக்கிடுகிறது. கடைசியில் மௌனத்தையும், பாட்டின் சராசரியைவிட 10 டெசிபலுக்கும் கீழே கிடக்கும் துண்டுகளையும் கழித்துவிட்டு மீதிக்குச் சராசரி எடுக்கிறது. மீட்டரில் `Integrated` என்று வருவது இந்த முழுப்பாட்டுச் சராசரி. `Short-term` என்பது கடைசி 3 செகண்டின் அளவு. செயலிகள் பார்ப்பது முதலாவதை. மாஸ்டர் செய்கிறவர் அதிகம் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

ஏன் என்பது ஒரு பாட்டை எடுத்துக்கொண்டால் புரியும். குரல், அக்கூஸ்டிக் கிடார், பேஸ், டிரம்ஸ் என்று அமைந்த பாட்டு. சரணங்கள் கிடாரும் குரலுமாக அடக்கமாகப் போகின்றன. பல்லவியில் எல்லா வாத்தியங்களும் சேர்கின்றன. பாட்டின் நேரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் சரணம், 40 சதவீதம் பல்லவி. எந்தப் பிளக்-இன்னும் வாங்காமல், `ffmpeg` என்ற இலவச நிரல் இருந்தாலே இதை அளந்துவிடலாம்.

```
ffmpeg -i mix.wav -af ebur128=peak=true -f null -
```

ஓடி முடிந்ததும் கடைசியில் ஒரு சுருக்கம் வரும். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு வரிகள்தான்.

```
I:     -18.2 LUFS
Peak:   -2.4 dBFS
```

சரணம் -22 லஃப்ஸ், பல்லவி -15.5 லஃப்ஸ், முழுப்பாட்டின் சராசரி -18.2. இரண்டுக்கும் நடுவே 6.5 டெசிபல் இடைவெளி. பல்லவி வரும்போது பாட்டு விரிந்து எழுவது இந்த இடைவெளியால்தான். உச்சம் -2.4. அது பல்லவியில் ஸ்னேரும் கிக்கும் ஒன்றாக விழும் சில இடங்களில் மட்டும் வருகிறது.

முதல் மாஸ்டருக்கு 4.2 டெசிபல் ஏற்றி, லிமிட்டரின் மேல்வரம்பை -1 டெசிபலில் வைக்கிறோம். -2.4 ஆக இருந்த உச்சம் +1.8க்குப் போக வேண்டும், ஆனால் -1இல் நிற்கிறது. லிமிட்டர் அதிகபட்சமாக 2.8 டெசிபல் வெட்டுகிறது, அதுவும் ஸ்னேர் அடிகளில் மட்டும். சரணத்தில் லிமிட்டரின் ஊசி அசையவே இல்லை. சரணம் -17.8க்கு வருகிறது, பல்லவி சுமார் -11.7க்கு. முழுப்பாட்டு -14.3.

இரண்டாவது மாஸ்டருக்கு 10 டெசிபல் ஏற்றுகிறோம். இப்போது லிமிட்டர் உச்சத்தில் 8.6 டெசிபல் வெட்ட வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்கு வந்துவிட்டால் லிமிட்டர் அடிகளோடு நிற்காது, அடிகளுக்கு நடுவே இருக்கும் குரலையும் கிடாரையும் சேர்த்து அமுக்கும். பல்லவி கணக்குப்படி -5.5க்குப் போயிருக்க வேண்டும், ஆனால் 2.5 டெசிபல் இழந்து -8இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சரணத்தில் லிமிட்டருக்கு அதிக வேலை இல்லை, அதனால் அது முழு 10 டெசிபலும் ஏறி -12க்கு வந்துவிடுகிறது. முழுப்பாட்டு ஏறத்தாழ -10. சரணத்துக்கும் பல்லவிக்கும் இருந்த 6.5 டெசிபல் இடைவெளி 4 ஆகச் சுருங்கிவிட்டது.

ஸ்டுடியோவில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் இரண்டாவதுதான் பிரமாதமாகத் தோன்றும். அது 4 டெசிபல் சத்தம் கூட, அவ்வளவுதான் காரணம். இப்போது இரண்டையும் ஸ்பாட்டிஃபையில் போடுங்கள். முதலாவது -14.3இல் இருக்கிறது. அதை 0.3 உயர்த்தலாம், ஆனால் உச்சம் ஏற்கெனவே -1இல் நிற்கிறது. வழக்கமான அமைப்பில் ஸ்பாட்டிஃபை -1ஐத் தாண்டும்படி உயர்த்தாது, அதனால் பாட்டு இருந்தபடியே ஒலிக்கும். இரண்டாவதை 4 டெசிபல் இறக்கும். அதன் சரணம் -16, பல்லவி -12, உச்சம் -5.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமுக்கிய மாஸ்டரில் சரணம் முதல் மாஸ்டரைவிட 1.8 டெசிபல் சத்தம் கூடுதல். பல்லவி 0.3 டெசிபல் குறைவு. ஸ்னேர் அடியின் உச்சம் 4 டெசிபல் குறைவு. அடக்கமாக இருக்க வேண்டிய பகுதி முன்னால் வந்து நிற்கிறது, எழ வேண்டிய பகுதி எழவில்லை, டிரம்ஸ் பின்னால் போய்விட்டது. சத்தத்துக்காகச் செய்த வேலை கடைசியில் பாட்டைச் சிறியதாக்கியிருக்கிறது. யூடியூபில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வீடியோ மேல் வலது கிளிக் செய்து `Stats for nerds` திறந்தால் `Volume / Normalized` என்ற வரியில் `content loudness 4.0dB` போல ஓர் எண் இருக்கும். அது எவ்வளவு பிளஸ்ஸில் இருக்கிறதோ, யூடியூப் அவ்வளவு இறக்குகிறது.

அப்படியானால் எல்லாப் பாட்டையும் -14க்கு மாஸ்டர் செய்தால் போதுமா? இல்லை. -14 என்பது செயலி தன் வசதிக்கு வைத்திருக்கும் அளவு, மாஸ்டருக்கான இலக்கு அல்ல. அடர்த்தியே குணமாக உள்ள மின்னணு இசையோ கனமான ராக்கோ -9இல் இயல்பாக நிற்கலாம். அதை -14க்கு வலிந்து இறக்கி வெளியிட்டால் செயலியில் தனி நன்மை எதுவும் கிடைக்காது. மறுபக்கம், நீண்ட மெல்லிய பகுதி உள்ள பாட்டின் சராசரியை -14க்குக் கொண்டுவரப் பல்லவியை நசுக்க வேண்டியிருக்கும். அது இன்னும் மோசம். நம் கருத்தில், முழுப்பாட்டு எண்ணைத் துரத்துவதை விட்டு, பாட்டின் மிகச் சத்தமான பகுதியை `Short-term` மீட்டரில் பார்த்து வைப்பதே சரியான வழி. இந்த வகைப் பாட்டுக்கு, பல்லவி -11க்கும் -10க்கும் இடையில் நின்றால் போதும். முழுப்பாட்டு எண் எங்கே விழுகிறதோ அங்கே விழட்டும்.

மூன்றாவது மாஸ்டரை அப்படிச் செய்வோம். மொத்தம் 5.5 டெசிபல் ஏற்ற வேண்டும். உச்சம் +3.1க்குப் போகும். -1இல் நிறுத்த 4.1 டெசிபல் வெட்ட வேண்டும். இதை ஒரே லிமிட்டரிடம் ஒப்படைக்காமல் வேலையைப் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மிக்ஸுக்குத் திரும்பிப் போய், உச்சத்தை உண்டாக்கும் ஸ்னேர் டிராக்கில் ஒரு கிளிப்பரைப் போட்டு நுனியை மட்டும் சீவலாம். ஸ்னேரில் 3 டெசிபல் சீவினால் மொத்த மிக்ஸின் உச்சம் 2 டெசிபல் குறைந்தால் நல்லது. அதே நொடியில் கிக்கும் குரலும் சேர்ந்திருப்பதால் ஒன்றுக்கொன்று சமமாகக் குறையாது. ஸ்னேரின் நுனி ஒன்றிரண்டு மில்லிசெகண்ட்தான். அங்கே கிளிப்பர் செய்யும் சேதம் அடியின் ஓசைக்குள் மறைந்துவிடும். மொத்த மிக்ஸ் மேல் அதே கிளிப்பரைப் போட்டால் அந்த நொடியில் ஒலிக்கும் குரலும் கரகரக்கும். மீதி 2.1 டெசிபலைக் கடைசி லிமிட்டர் பார்த்துக்கொள்கிறது. முடிவில் சரணம் -16.5, பல்லவி -10.5, முழுப்பாட்டு -13.1. இடைவெளி 6 டெசிபல் தங்கியிருக்கிறது. ஸ்பாட்டிஃபை இதை 0.9 மட்டும் இறக்கும்.

லிமிட்டரில் கவனிக்க வேண்டிய குமிழ் ரிலீஸ், அதாவது அமுக்கிய பிறகு எவ்வளவு சீக்கிரம் விடுகிறது என்பது. 50 ஹெர்ட்ஸ் பேஸ் சுரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லிசெகண்ட். ரிலீஸ் அதைவிட வேகமாக, 5 அல்லது 10 மில்லிசெகண்டில் இருந்தால், லிமிட்டர் பேஸ் அலையின் ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியாக அமுக்கி விடும். அலையின் உருவமே மாறி பேஸ் கொரகொரக்கும். ரிலீஸ் அரை செகண்ட் அளவுக்கு நீண்டால் வேறு கோளாறு. ஸ்னேர் விழுந்ததும் குரல் தாழ்ந்து மெதுவாக மேலே வருவது கேட்கும். 50 முதல் 150 மில்லிசெகண்ட் வரை வைத்துத் தொடங்கி, பேஸ் நீடிக்கும் இடத்தையும் ஸ்னேருக்கு அடுத்து குரல் வரும் இடத்தையும் கேட்டு முடிவு செய்யலாம். பல லிமிட்டர்களில் `Delta` என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் லிமிட்டர் எடுத்துப்போட்டது மட்டும் கேட்கும். அதில் சின்னச் சின்ன டிக் ஒலிகள் மட்டும் வந்தால் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். பாடல் வரியின் சொற்கள் புரிகின்றன, பேஸின் மெட்டு கேட்கிறது என்றால் நீங்கள் வெட்டிக்கொண்டிருப்பது பாட்டை.

அடிமட்டத்தில் இன்னொரு வீண்செலவு நடக்கும். மீட்டரின் ஃபில்டர் அடிமட்ட பேஸைக் குறைத்தே எடைபோடுகிறது என்று மேலே சொன்னோம். ஆனால் லிமிட்டருக்கு அந்தச் சலுகை தெரியாது, 25 ஹெர்ட்ஸ் உறுமலும் அதற்கு உச்சம்தான். போன் ஸ்பீக்கரிலும் சின்ன இயர்போனிலும் கேட்காத அந்த ஒலி லிமிட்டரை இயக்கி மற்ற எல்லாவற்றையும் அமுக்க வைக்கும், லஃப்ஸ் எண்ணில் மட்டும் அதிகம் எதுவும் சேர்க்காது. இதை கிக்கிலும் பேஸிலும் குரல் டிராக்கிலும் தனித்தனியாகச் சரிசெய்வது நல்லது. மொத்த மிக்ஸில் அடி அலைவரிசைகளை வெட்டும் செங்குத்தான ஹைபாஸ் ஃபில்டர் போட்டால் ஃபேஸ் நகர்ந்து உச்சம் முன்பைவிட உயர்ந்துவிடுவதும் உண்டு. ஃபில்டர் போட்டதும் உச்சத்தை மறுபடி அளந்து பாருங்கள்.

இனி அந்த -1 எங்கிருந்து வந்தது என்பது. டிஜிட்டல் ஃபைலில் இருப்பவை சாம்பிள் புள்ளிகள். ஒலியாக மாறும்போது அவற்றின் நடுவே வரையப்படும் வளைவு, எந்தப் புள்ளியையும்விட உயரமாகப் போகலாம். அந்த வளைவின் உயரத்தை மதிப்பிடுவதுதான் ட்ரூ பீக் அளவு. சாம்பிள் மீட்டர் 0ஐக் காட்டும் ஃபைல் உள்ளபடியே +1இல் இருக்கலாம். லிமிட்டரில் ட்ரூ பீக் வசதியை இயக்கியே வேலை செய்ய வேண்டும். அதோடு, செயலி நம் ஃபைலைப் பெரும்பாலும் அப்படியே ஒலிபரப்புவதில்லை. ஏஏசி அல்லது ஓக் வோர்பிஸ் வடிவத்துக்குச் சுருக்குகிறது. சுருக்கும்போது சில அலைவரிசைத் தகவல்கள் தூக்கியெறியப்படுவதால் அலையின் உருவம் மாறி, உச்சங்கள் புதிதாக முளைக்கின்றன. அதிகம் அமுக்கிய மாஸ்டரில் உச்சத்தைத் தொட்டு நிற்கும் இடங்கள் அதிகம், எனவே புதிதாகத் தாண்டும் இடங்களும் அதிகம். ஸ்பாட்டிஃபை -1க்குக் கீழே வைக்கச் சொல்கிறது. -14ஐவிடச் சத்தமான மாஸ்டருக்கு -2 கேட்கிறது. ஊகிக்க வேண்டியதில்லை, சுருக்கிப் பார்த்து அளக்கலாம்.

```
ffmpeg -i master.wav -c:a aac -b:a 128k test.m4a
ffmpeg -i test.m4a -af ebur128=peak=true -f null -
```

வேண்டுமென்றே 128 கேபிபிஎஸ் வைக்கிறோம், குறைந்த பிட்ரேட்டில்தான் உச்சம் அதிகம் தாண்டும். -1இல் இருந்த மாஸ்டர் இங்கே -0.4 என்று வந்தால் பிரச்சினை இல்லை. +0.5 வந்தால் மேல்வரம்பை -2க்கு இறக்கி மறுபடி எடுங்கள். நம் மூன்றாவது மாஸ்டருக்கு -2இல் எடுத்தாலும் இழப்பு எதுவும் இல்லை. லிமிட்டரின் வெளியீட்டை அப்படியே 1 டெசிபல் இறக்கினால் முழுப்பாட்டு -14.1 ஆகும். செயலியில் ஒலிக்கப்போவதும் அதே அளவில்தான்.

இந்த முடிவுகளை எல்லாம் சரிபார்க்க ஒரே வழி, சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேட்பது. -10 மாஸ்டரை 4 டெசிபல் இறக்கி, -13.1 மாஸ்டரை 0.9 இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

```
ffmpeg -i loud.wav -af volume=-4.0dB -c:a pcm_s24le loud_14.wav
ffmpeg -i master.wav -af volume=-0.9dB -c:a pcm_s24le master_14.wav
```

`pcm_s24le` என்பதை விட்டுவிட்டால் `ffmpeg` சத்தமில்லாமல் 16 பிட்டுக்கு மாற்றி எழுதிவிடும். இங்கே `loudnorm` ஃபில்டரைப் பயன்படுத்தாதீர்கள். பெயரைப் பார்த்து இதற்கென்றே செய்தது என்று பலரும் எடுத்துவிடுகிறார்கள். ஒரே ஓட்டத்தில் பயன்படுத்தினால் அது பாட்டு நெடுக ஒலியைத் தானாக ஏற்றி இறக்கும், நாம் காப்பாற்ற நினைக்கும் இடைவெளியையே தின்றுவிடும். வெளியீட்டையும் 192 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றி வைக்கும்.

கேட்கும்போது பல்லவியை மட்டும் சுழற்றிக் கேட்பதில் பயன் குறைவு. சரணத்தின் கடைசி வரியிலிருந்து பல்லவியின் முதல் வரிவரை கேளுங்கள். தாவல் எந்த ஃபைலில் பெரிதாகத் தெரிகிறது, ஸ்னேர் எதில் முன்னால் நிற்கிறது, பல்லவியின் குரலில் எதில் களைப்பு தெரிகிறது என்று பாருங்கள்.

சமப்படுத்தலை அணைத்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு, அந்த வசதி இல்லாத கருவிகளும் உண்டு. அங்கே -13 மாஸ்டர் பக்கத்துப் பாட்டைவிட மெல்லியதாகத்தான் கேட்கும். இந்தக் கவலை நியாயமானது. அதற்காகக் கூடுதலாக ஒரு டெசிபல் தள்ள விரும்பினால் தள்ளலாம், சமப்படுத்திய ஒப்பீட்டில் தாவல் சுருங்கவில்லை என்றால். சுருங்கத் தொடங்கும் இடம் பாட்டுக்குப் பாட்டு மாறும், அதை எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது.

லிமிட்டருக்குப் பிறகு எதையும் சேர்க்காமல், பாட்டைப் பதிவு செய்த அதே சாம்பிள் ரேட்டில் 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்து அனுப்புங்கள். லிமிட்டருக்குப் பின் சாம்பிள் ரேட்டை மாற்றினால் உச்சம் மறுபடி தாண்டலாம். ஆல்பமாக இருந்தால், மிகச் சத்தமான பாட்டை முதலில் முடித்துவிட்டு மற்றவற்றை அதன் பக்கத்தில் வைத்துக் காதால் அளவிடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக ஒரே லஃப்ஸ் எண்ணுக்குக் கொண்டுவந்தால், கிடாரும் குரலும் மட்டுமான பாட்டு முழு வாத்தியக் குழுவுக்கு இணையாகக் கத்தும். ஆல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு ஏற்ற இறக்கத்தைத்தான் தருகிறது, நீங்கள் வைத்த வித்தியாசம் அப்படியே போய்ச் சேரும். பிளேலிஸ்ட்டில் வரும்போதுதான் பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தும். அங்கே -18இல் இருக்கும் மெல்லிய பாட்டின் உச்சம் -3இல் இருந்தால், அதை 2 டெசிபல் உயர்த்தி -16இல் நிறுத்திவிடும். அந்தப் பாட்டுக்கு அது போதும்.